எவரும் வற்புறுத்தவில்லை

(எமது மன்றத்தின் வாசகர் வட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற கூட்டத்தின் முடிவிலே இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ‘எஃபி பிறீஸ்ற்’ என்னும் ஜேர்மன் நாவலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணைப் பெற்றோர் கட்டாயப்படுத்தி மணமுடித்து வைத்தார்கள் என்று எம்மிற் பலர் சொன்னோம். ‘கட்டாயப்படுத்தியவர் யார்? எந்தப் பக்கத்திலே? காட்டுங்கள் பார்ப்போம்’ என்றார் அந்த இளைஞர். நாம் புத்தகத்தைப் புரட்டினோம். தேடத் தேட ஒரு பக்கமும் அகப்படவில்லை. தந்தை அதட்டவில்லை, தாய் அழுது மிரட்டவில்லை, எவரும் கதவைப் பூட்டவில்லை. அப்படியிருக்க, கதையைப் படித்து முடித்த எமக்கெல்லாம் ஒருத்தியின் வாழ்வை யாரோ கையிலிருந்து பறித்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாவலை எழுதியவர் தெயோடோர் ஃபொன்ரானே. 1819இற் பிறந்து 1898இல் மறைந்தவர். மருந்தாளராகத் தொழில் பயின்று, பத்திரிகையாளராகி, ஏறக்குறைய அறுபது வயதிலேதான் நாவல் எழுதத் தொடங்கியவர். இந்தக் கதை முதலில் ஒரு சஞ்சிகையிலே தொடராக வந்து, 1895இல் நூலாயிற்று. பிரஷ்ய நாட்டின் நிலவுடைமைப் பிரபுக் குடும்பங்களும் அரச அதிகாரிகளுமே இதில் வரும் மனிதர்கள். குலம், பதவி, கௌரவம் என்ற மூன்றாலும் கட்டப்பட்ட உலகம் அது.

கதையின் தொடக்கத்திலே எஃபிக்கு வயது பதினேழு. தோட்டத்திலே தோழியரோடு ஓடி விளையாடுகிறாள். இடையிலே இளைப்பாறும்போது தன் தாயின் பழைய கதை ஒன்றைத் தோழியருக்குச் சொல்கிறாள். தாய் இளம்பெண்ணாயிருந்த காலத்திலே இன்ஸ்ரெற்றன் என்ற இளம் படையதிகாரி அவள்மீது அன்பு வைத்திருந்தான். ஆனால் அவனுக்கு அப்போது வயதும் இல்லை, பதவியும் இல்லை. நிலமும் நிலைபேறும் உள்ள பிறீஸ்ற் பெண் கேட்டு வந்தார். தாய் அவரை மணந்தாள். எஃபி இதனை ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் விளையாடப் போகிறாள். அந்த இன்ஸ்ரெற்றன்தான் இப்போது மாவட்ட நிருவாக அதிகாரியாகி, முப்பத்தெட்டு வயதில், அன்றைக்கு அந்த வீட்டுக்கு வருகிறார்.

அடுத்து நடப்பதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். விளையாட்டிலே வியர்த்துக் களைத்து நிற்கும் மகளைத் தாய் உள்ளே அழைக்கிறாள். உடைமாற்றவும் நேரமில்லை. இன்ஸ்ரெற்றன் அவளைப் பெண் கேட்டிருக்கிறார் என்று சொல்கிறாள். அவர் குணசாலி, நல்ல பதவியில் இருப்பவர் என்கிறாள். மகள் மறுத்துவிட மாட்டாள் என்று தான் எண்ணுவதாகவும், இதற்கு உடன்பட்டால் மற்றவர்கள் நாற்பது வயதில் அடையும் உயரத்தை அவள் இருபதில் அடைந்துவிடலாம் என்றும், தாயையே மிஞ்சிவிடுவாள் என்றும் சொல்கிறாள். எஃபி பேசவில்லை, பதில் ஒன்றைத் தேடுகிறாள். அது அகப்படும் முன்னமே பக்கத்து அறையிலே தந்தையின் குரல் கேட்கிறது. தந்தையும் இன்ஸ்ரெற்றனும் உள்ளே வருகிறார்கள். எஃபியின் உடல் நடுங்குகிறது. அதே வேளையில் யன்னலருகே தோழியர் தலைநீட்டி, விளையாட வரும்படி அவளைக் கூப்பிடுகிறார்கள். அன்றைய பொழுது சாயுமுன் நிச்சயம் ஆகிவிடுகிறது.

அவள் சம்மதித்த வார்த்தை எது? ஆசிரியர் அதை எழுதவேயில்லை. தாய் கேட்டதற்கும் நிச்சயம் ஆனதற்கும் இடையிலே மகளின் விடை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. நாவல் முழுவதையும் திறக்கும் சாவி இந்த வெற்றிடமே என்று நாம் எண்ணுகிறோம்.

நெருக்குதல் என்றால் அதட்டல் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் காட்சியிலே அதட்டல் இல்லை. ஆனால் வேறு மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, காலம் இல்லாமை. கேள்விக்கும் விடைக்கும் இடையே ஒரு இரவுகூட வைக்கப்படவில்லை. இரண்டு, விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நீ மறுக்க மாட்டாய் என்று நம்புகிறேன் எனத் தொடங்கும் கேள்வியிலே, மறுப்பது தாயின் நம்பிக்கையை உடைப்பதாகிவிடுகிறது. தாயை நேசிக்கும் பிள்ளைக்கு அது ஏச்சிலும் பாரமானது. மூன்று, கேட்பவளின் சொந்தக் கணக்கு. தான் அன்று மணக்க முடியாமற்போனவரைத் தன் மகள் மணக்கிறாள் என்ற நினைவு அந்தத் தாயின் மனத்திலே எந்த அளவுக்கு இருந்தது என்று ஆசிரியர் விளக்கமாகச் சொல்வதில்லை. ஆனால் தோட்டத்துக் கதையை முதலிலே சொல்லவைத்துவிட்டுப் பிறகு இந்தக் காட்சியை வைத்திருக்கிறார்.

இனி நாலாவதும் ஒன்று உண்டு. அது எஃபியின் உள்ளேயே இருக்கிறது. நிச்சயமான அன்றே தோழி ஒருத்தி, இவர்தான் உனக்கு ஏற்றவரா என்று கேட்கிறாள். குலமும் பதவியும் நல்ல தோற்றமும் உள்ள எவரும் ஏற்றவரே என்ற கருத்தில் எஃபி தயங்காமல் விடை சொல்கிறாள். இது அவளுடைய சொந்த எண்ணமா? வீட்டிலும் விருந்திலும் பதினேழு வருடம் கேட்ட பேச்சு அவள் வாயிலே திரும்பி வருகிறது. வெளியிலிருந்து தள்ளுபவரை எதிர்க்கலாம். உள்ளே தன் குரலிலேயே பேசும் ஒன்றை எதிர்ப்பது எப்படி? அவளிடம் பேராசையும் உண்டு. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. அவளைக் குற்றமற்ற பொம்மையாக அவர் செய்யாதபடியால்தான் கதை எம்மை உறுத்துகிறது.

திருமணத்துக்கு முன் ஒரு நாள், தப்பிக்க ஒரு வாசல் திறக்கிறது. தாயும் மகளும் தனியே பேசுகிறார்கள். இன்ஸ்ரெற்றனை நேசிக்கவில்லையா என்று தாய் கேட்கிறாள். தன்னிடம் அன்பாயிருக்கும் எல்லாரையும் நேசிப்பதாக எஃபி சொல்கிறாள். பிறகு, அவர் கொள்கை பிடிப்புள்ள மனிதரென்றும், தன்னிடம் அப்படி ஒன்றும் இல்லையென்றும், அவரைக் கண்டால் தனக்குப் பயமென்றும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்ல முடியும்? தாய் கேட்டாள், கேட்டும் ஏற்பாடுகள் நிற்கவில்லை. ஒக்ரோபர் 3ஆந் திகதி திருமணம் நடக்கிறது. முதல் நாளிலே நேரம் இருக்கவில்லை; இந்த நாளிலே நேரம் இருந்தது, கேட்கும் காதும் இருந்தது, ஆனால் கேட்டதற்கு விளைவு இருக்கவில்லை. ‘பிள்ளையிடம் கேட்டுத்தானே செய்தோம்’ என்ற சொல் பெரியோர் வாயிலே எளிதாக வரும். கேட்டோமா என்பது பாதிக் கேள்விதான். வேறு விடை வந்திருந்தால் எமது செய்கை மாறியிருக்குமா என்பதே மற்றப் பாதி.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். பால்டிக் கடற்கரையிலே கெஸ்ஸின் என்ற சிற்றூருக்கு எஃபி போகிறாள். பெரிய, இருண்ட வீடு. ஆவி உலாவுவதாக வதந்தி. வேலையிலே மூழ்கிய கணவர். பழகுவதற்கு ஏற்ற ஆட்கள் குறைவு. அனி என்ற பெண் குழந்தை பிறக்கிறது. அந்தத் தனிமையிலே கிறம்பாஸ் என்ற படையதிகாரியோடு அவளுக்குத் தகாத உறவு ஏற்படுகிறது. சில காலத்தில் கணவருக்கு பேர்லின் நகரிலே உயர்பதவி கிடைக்கவே, விடுதலை பெற்றவளைப்போல் அவள் அங்கே போகிறாள். அந்த உறவு அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் அமைதியான இல்வாழ்வு. ஒருநாள் எஃபி வெளியூரில் இருக்கும்போது, சிறுமி அனி விழுந்து நெற்றியிலே காயப்படுகிறாள். கட்டுப்போடத் துணி தேடிய வேலைக்காரிகள் தையல் மேசையைத் திறக்கிறார்கள். உள்ளே, நூலாற் கட்டப்பட்ட பழைய கடிதங்கள். இன்ஸ்ரெற்றன் அவற்றைப் படிக்கிறார்.

இந்த இடத்திலே நாம் ஒரு உண்மை வரலாற்றையும் அறியவேண்டும். இக்கதை முற்றிலும் கற்பனையன்று. எலிசபெத் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் ஆர்டென்னே என்ற படையதிகாரியை 1873இலே பத்தொன்பது வயதில் மணந்தாள். 1886இலே கணவன் கடிதங்களைக் கண்டுபிடித்து, அவளோடு உறவு கொண்டிருந்த ஹார்ட்விக் என்பவரைத் துப்பாக்கிச் சமருக்கு அழைத்துச் சுட்டான், ஹார்ட்விக் இறந்தார். மணமுறிவு ஆயிற்று, பிள்ளைகள் தந்தையிடம் போயினர். இந்தச் செய்தியை அறிந்த ஃபொன்ரானே அதனை அப்படியே எழுதவில்லை. இரண்டு மாற்றங்கள் செய்தார். உண்மையில் கணவனுக்கும் மனைவிக்கும் ஐந்து வயதே வித்தியாசம், நாவலிலே இருபத்தொன்று. உண்மையில் அந்த உறவு நடந்துகொண்டிருந்தபோதே பிடிபட்டது. நாவலிலே அது முடிந்து ஆறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஏன் இந்த இரண்டாவது மாற்றம்? உறவு நடந்துகொண்டிருக்கும்போது கணவன் துப்பாக்கி எடுத்தால், கோபத்தினால் எடுத்தான் என்று சொல்லிவிடலாம். ஆசிரியர் கோபத்தைக் காலத்தாற் கழுவிவிட்டார். கழுவிய பிறகு எஞ்சுவது என்ன என்று பார்க்க விரும்பினார். விஞ்ஞானக் கூடத்திலே ஒன்றின் இயல்பை அறிய மற்றவற்றையெல்லாம் நீக்கிவிடுவது போன்ற செய்கை இது.

எஞ்சுவது இதுதான். இன்ஸ்ரெற்றன் தம் நண்பரான வூலர்ஸ்டோர்ப் என்பவரை அழைக்கிறார். நாவலின் நடுநாயகம் அந்த இருவரின் உரையாடல். சமர் அவசியமா, இத்தனை வருடத்துக்குப் பின்னும் வேண்டுமா என்று நண்பர் கேட்கிறார். தமக்கு வெறுப்பு இல்லை, பழிவாங்கும் தாகம் இல்லை, மனைவியை இன்னும் நேசிக்கிறேன், மன்னிக்கவும் மனம் வருகிறது என்று இன்ஸ்ரெற்றனே ஒப்புக்கொள்கிறார். ஆனால் மனிதன் தனியன் அல்லன், ஒரு முழுமையின் பகுதி. கூடி வாழுமிடத்திலே பெயர் சொல்ல முடியாத ஏதோவொன்று எம்மை ஆளுகிறது, அதற்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்கிறார். பின்னர் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார். சில மணி நேரத்துக்கு முன் இதைத் தனக்குள் புதைத்துவிடத் தமக்குச் சுதந்திரம் இருந்தது. நண்பருக்கு ஆள் அனுப்பிய கணத்திலே அது போய்விட்டது. இப்போது இன்னொருவருக்குத் தெரியும். நண்பர் ஒருவரிடமும் சொல்லமாட்டார், அது உறுதி. ஆனால் இனித் தாம் மனைவியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும், கேட்டிருக்கும் நண்பரின் மனத்திலே என்ன ஓடும் என்று தாம் எண்ணாமல் இருக்க முடியாது. வூலர்ஸ்டோர்ப் யோசிக்கிறார், இறுதியிலே உடன்படுகிறார். கௌரவம் என்று நாம் வணங்குவது ஒரு விக்கிரகந்தான்; ஆயினும் அது பீடத்தில் நிற்கும்வரை பணிந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய முடிவு.

‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற அச்சத்தை இதைவிடக் கூர்மையாக வெட்டிக் காட்டிய இடம் நாமறிந்த நூல்களில் வேறில்லை. அந்த அறையிலே ஊர் இல்லை. ஒரே ஒரு நண்பர்தான் இருக்கிறார். அவரும் சமரைத் தடுக்கவே விரும்புகிறார். விரும்பாத இருவர் சேர்ந்து, இருவரும் விரும்பாத ஒன்றை முடிவு செய்கிறார்கள். ஊர் என்பது வெளியிலே கூடி நிற்கும் சனக்கூட்டம் அன்று; ஒருவன் மற்றவன் கண்ணிலே தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம். அவ்வளவே. அதற்கு இரண்டுபேர் போதும்.

சமர் நடக்கிறது. கெஸ்ஸின் மணல் மேட்டிலே கிறம்பாஸ் இறக்கிறான். திரும்பி வரும் பயணத்திலே, ஒரு கருத்துக்காகத் தாம் ஒரு நாடகம் ஆடிவிட்டோமோ, கடிதங்களை எரித்திருக்கலாமோ என்று இன்ஸ்ரெற்றன் எண்ணுகிறார். பின்னர் பதவி உயர்வும் கௌரவமும் வருகின்றன. எதிலும் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. ஆகவே எஃபி அகப்பட்டாள், அவர் அகப்படுத்தினார் என்று பிரித்துவிட முடியாது. அவரும் அதே வலையிலே அகப்பட்டவர். ஆனால் அவர் கையிலே துப்பாக்கியும் சட்டமும் இருந்தன, அவள் கையில் ஒன்றும் இல்லை. நெருக்குதல் எல்லார்மீதும் விழுகிறது, சமமாக விழுவதில்லை.

எஃபிக்குத் தாயின் கடிதம் வருகிறது. செலவுக்குப் பணம் வரும்; பிறந்த வீட்டுக் கதவு மட்டும் திறக்காது. மகளுடைய செய்கையைத் தாம் கண்டிப்பதை உலகுக்குக் காட்டவேண்டும் என்பதே காரணம். பணத்தைக் கொடுத்து முகத்தை மறுக்கும் அன்பு எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள். பேர்லினிலே ஒரு சிறு வீட்டில், பழைய வேலைக்காரி ஒருத்தியின் துணையோடு எஃபி வாழ்கிறாள். சில வருடங்களுக்குப் பின் அனியைப் பார்க்க அனுமதி கிடைக்கிறது. பத்து வயதுச் சிறுமி வருகிறாள். தாய் ஆசையோடு ஏதேது கேட்டாலும், அனுமதி கிடைத்தால் வருவேன் என்ற ஒரே விடையையே ஒப்புவிக்கிறாள். தோட்டத்திலே ஓடி விளையாடிய எஃபியின் மகள் அவள்; பழக்கிவைத்த பதில் இம்முறை பத்து வயதிலேயே தொடங்கிவிட்டது. சிறுமி போனபின் எஃபி உடைந்து, முதன்முறையாகக் கோபம் கொள்கிறாள். இவர்களுடைய தருமமே தனக்கு அருவருப்பாயிருக்கிறது என்று கதறுகிறாள்.

உடல் நலிகிறது. வைத்தியர் பெற்றோருக்கு எழுதுகிறார். தாய் இன்னமும் தயங்குகிறாள். சமூகம், ஒழுக்கம் என்கிறாள். எப்போதும் விவாதத்தை நழுவவிடும் வயோதிபத் தந்தை அன்று மாத்திரம் நழுவவில்லை. சமூகம் நினைத்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளவும் வல்லது என்று சொல்லி, மகளை வரச்சொல்லி இரண்டே சொல்லிலே தந்தி அடிக்கிறார். அப்புறம் நடந்தது என்ன? பூமி பிளக்கவில்லை. அயலவர் சிலர் வராமல் நின்றிருக்கலாம், அவ்வளவுதான். பல வருடமாக அசைக்க முடியாதது என்று எல்லாரும் நம்பிய சுவரை ஒரு கிழவரின் தந்தி தாண்டிவிட்டது. இன்ஸ்ரெற்றனும் நண்பரும் அந்த அறையிலே சோதித்துப் பார்க்காத ஒன்றைத் தந்தை சோதித்துப் பார்த்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. முப்பது வயதும் நிறையாத எஃபி பிறந்த வீட்டிலேயே இறக்கிறாள்.

இறக்குமுன் அவள் சொல்வது சிலருக்கு ஏமாற்றம் அளிக்கும். இன்ஸ்ரெற்றன் செய்தது சரியே என்று சொல்லி, அதை அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறாள். இது மன்னிக்கும் பெருமையா? அல்லது முதல் நாள் தோழிக்குச் சொன்ன விடையைப் போலப் பிறர் பேச்சு மறுபடியும் அவள் வாயிலே வந்ததா? நாம் இரண்டு பக்கமும் வாதாடினோம், இன்னமும் முடிவில்லை. அவள் போனபின் தாய் கணவரிடம், மகள் மிகவும் இளையவளாயிருந்தாளோ என்று கேட்கிறாள். முதல் நாளிலே கேட்கவேண்டிய கேள்வி. தந்தை பழையபடி நழுவிவிடுகிறார், நாவல் முடிகிறது.

பேசிச் செய்யும் திருமணம் தீது என்று இந்த நூல் சொல்கிறதா? நாம் அப்படி எண்ணவில்லை. தாயும் அதே கணக்கிலே மணந்தவள். அவள் வாழ்வு கெடவில்லை. இன்ஸ்ரெற்றனும் கொடியவர் அல்லர். பெற்றோர் வரன் பார்த்தது அன்று, விடைக்கு இடம் வையாததே அழிவின் தொடக்கம். காதலித்து மணந்தோரும் கடிதங்கள் அகப்பட்டபோது அதே நண்பரைத்தான் அழைத்திருப்பார்கள்.

உண்மைக் கதையின் எலிசபெத்தை மறந்துவிடாதீர்கள். அவள் நாவலின் எஃபியைப் போல இறக்கவில்லை. நோயாளரைப் பராமரிக்கும் தொழிலை மேற்கொண்டு, தன்னைக் கொன்றுவிட்ட நாவலையும் அதன் ஆசிரியரையும் கடந்து, 1952இலே தொண்ணூற்றெட்டு வயதிலே மறைந்தாள். சமூகம் அடைத்த கதவுக்கு வெளியிலும் ஒரு நீண்ட ஆயுள் இருந்தது.

கேள்வி கேட்ட இளைஞருக்கு இனி விடை சொல்வோம். தம்பி, வற்புறுத்தியவர் ஒருவரும் இல்லை. அதனாலேயே அதைத் தடுக்கவும் ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பாருங்கள். தாய் கேட்ட கேள்விக்கும் தந்தையின் காலடி ஓசைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. எஃபி பதில் தேடியது அங்கேதான். எமது வீடுகளிலே நாளை அப்படி ஒரு பிள்ளை வாய்திறவாமல் நிற்கும்போது, உள்ளே வர இருப்பவர்களைச் சற்று வெளியே காத்திருக்கச் சொல்வது எம் கையில் இருக்கிறது.